ஏழாவது வார்டில் இல்லாத தெரு

நெடும்பனைக்குடி பேரூராட்சி அலுவலகத்தின் தலைமை எழுத்தர் அறிவுச்செல்வன் கை சுத்தமான மனிதர். இதை அவரே நாளைக்கு நாலு தடவை சொல்லுவார். டீக்காசுகூட யாரிடமும் வாங்கியதில்லை. அதற்குச் சமமாக அவர் பெருமைப்பட்ட இன்னொரு விஷயம் உண்டு. பதினோரு வருஷமாக அவர்தான் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர். இத்தனை வருஷத்தில் ஒரு மனுவுக்கும் அவர் பதில் அனுப்பாமல் இருந்ததில்லை. ஒரு பதிலிலும் தகவல் இருந்ததில்லை.

சும்மா இல்லை, அது ஒரு கலை. முப்பது நாளுக்குள் பதில் போக வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் சொல்கிறதா? இருபத்தொன்பதாம் நாள் பதிவுத் தபாலில் போகும். 'கோரப்பட்ட தகவல் தெளிவாக இல்லை' என்று ஒருவருக்கு. 'தாங்கள் கேட்டிருப்பது கேள்வி வடிவில் உள்ளது' என்று இன்னொருவருக்கு. அப்பீல் போகிறவன் நூற்றில் இரண்டு பேர். அவனும் பஸ் காசை நினைத்துப் பாதியில் விட்டுவிடுவான். இந்தக் கலையின் அடிப்படை விதியை இளநிலை உதவியாளர் சிவரஞ்சனிக்கு அவர் முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தார்.

"கோப்பப் பிரிக்கக் கூடாதும்மா. பிரிச்சா தெரிஞ்சுபோயிரும். தெரிஞ்சதுக்கப்புறம் தெரியலைன்னு எழுதுனா அது பொய். நாம எதுக்குப் பொய் சொல்லணும்?"

இப்படிப்பட்டவருக்கு ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தபோது, பொங்கல் லீவு முடிந்து அலுவலகம் திறந்த அன்றைக்கு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு மனு மேசைக்கு வந்தது. அனுப்பியவர் ஜன்னத் பீவி, புளியமரத் தெரு. ஏழாவது வார்டு புளியமரத் தெருவில் போன வருஷம் நடந்த சாலைப் பழுதுபார்ப்புக்கு ஆன செலவு ஆவணங்கள் வேண்டுமாம். மதிப்பீடு, பணி ஆணை, வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பணம் கொடுத்த பட்டியல், நான்கின் நகலும். நாலே வரி. கேள்வி கிடையாது, புலம்பல் கிடையாது, 'ஐயா அவர்கள் சமூகத்துக்கு' கூடக் கிடையாது. எழுத்து மணி மணியாக இருந்தது.

அறிவுச்செல்வன் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். வளவளவென்று எழுதுகிறவனைச் சமாளித்துவிடலாம். நாலு வரியில் கேட்கிற ஆள் ஆபத்தான ஆள்.

அவருக்கு இருந்த கவலை வேறொன்றுமில்லை. ஜூன் முப்பதாம் தேதி மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஒரு கறையும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வல்லத்திராக்கோட்டையில் இருந்த அவர் வீடு இன்னும் தகர ஷீட் போட்டதுதான். மழை பெய்தால் மனைவி ராசாத்தி ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைப்பாள். பணிக்கொடை வந்ததும் கான்கிரீட் தளம் ஒட்டித் தருவதாக அவளிடம் எத்தனையோ வருஷமாகச் சொல்லிவைத்திருந்தார். கடைசி நேரத்தில் ஒரு மெமோ வந்தால் அந்தப் பணம் அப்படியே நிற்கும். அப்படி நின்று, நிற்கிற பணத்தோடு தாங்களும் நரைத்துப்போனவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

செய்தி ஒப்பந்தக்காரர் ராக்கன் காதுக்கு மதியத்துக்குள் போய்விட்டது. புல்லட்டில் வந்து இறங்கினார்.

"அண்ணே, அந்தம்மாவுக்குப் பின்னால எவன் இருக்கான்? வீட்டுக்காரரு சவுதியில இருக்காரு. கட்சிக்காரன் எவனாச்சும் எழுதிக் குடுத்திருப்பானோ?"

"காரணம் கேக்க முடியாது ராக்கா. சட்டத்துலயே போட்டிருக்கு. எதுக்குக் கேக்குறீங்கன்னு நாம கேட்டா அதுக்கே தனியாக் கேஸாயிரும்."

கேட்க முடியாதுதான். ஆனால் ஒரு பெண் எதற்காகக் கேட்கிறாள் என்று தெரியாமல் மனுஷன் எப்படித் தூங்குவது? மறுநாள் சாயங்காலம் வீட்டு வரி நோட்டீஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அறிவுச்செல்வன் புளியமரத் தெருவுக்கே போய்விட்டார். தெருமுனையில் பணி விவரம் எழுதிய பலகை இருந்தது. அதன் மேல் யாருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரையோ ஒட்டியிருந்தார்கள். செத்தவருக்காக ஒரு நொடி தலை குனிந்துவிட்டு நடந்தார்.

ஜன்னத் பீவி வாசலருகே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தெருவிலிருந்து அந்த வீட்டுக்குள் போக இறங்க வேண்டியிருந்தது. அது தெரியாமல் காலை வைத்த அறிவுச்செல்வன் தடுமாறி நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து வாங்க சார். எல்லாருக்கும் மொதத் தடவ இப்படித்தான் ஆகும்."

"வரி நோட்டீஸ் குடுக்க வந்தேம்மா. அப்படியே... ஒரு மனு போட்டிருக்கீங்க போல."

"ஆமாங்க."

"எதுவும் கொறையா இருந்தா நேர்லயே சொல்லலாமே. நாங்க எதுக்கு இருக்கோம்?"

ஜன்னத் பீவி மெஷினை நிறுத்தினார்.

"காரணம் சொல்ல வேண்டியதில்லைன்னு சட்டத்துல இருக்குல்ல சார்?"

இருக்கிறது. அதை இந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? நோட்டீஸைக் கொடுத்துவிட்டு மேலே ஏறி வந்துவிட்டார்.

இருபத்தெட்டு நாள் அவர் யோசித்தார். பதில் கிடைத்தது ஒரு மத்தியானம், தேர்தல் வருஷத்துப் பழைய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. போன உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால் வார்டுகளை மறுவரையறை செய்தார்கள் அல்லவா? அதில் பழைய ஏழாவது வார்டு ஒன்பதாவது வார்டாகிவிட்டது. புளியமரத் தெரு இப்போது ஒன்பதில் இருக்கிறது. இப்போதைய ஏழாவது வார்டு ஏரிக்கரைப் பக்கம். அங்கே போன வருஷம் ஒரு சட்டி ஜல்லிகூடக் கொட்டவில்லை. ஜனங்கள் இன்னும் பழைய நம்பரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மாளும் அதையே எழுதிவிட்டார்.

அடேயப்பா, அறிவுச்செல்வனுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம்! பொய் ஒரு சொட்டு இல்லாமல் பதில் தயார். அவரே நின்று சொல்லச் சொல்ல சிவரஞ்சனி தட்டினாள்: 'இப்பேரூராட்சியின் 7-வது வார்டில் புளியமரத் தெரு என்ற பெயரில் தெரு ஏதும் இல்லை. மேற்படி நிதியாண்டில் 7-வது வார்டில் சாலைப் பழுதுபார்ப்புப் பணி எதுவும் மேற்கொள்ளப்படவில்லை. எனவே செலவினம் இல்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.'

சிவரஞ்சனி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "சார், ஒரே ஒரு தடவ அந்தக் கோப்பப் பிரிச்சுப் பாத்துருவமா?"

"மறுபடியும் பாரு. மொத வாரமே என்ன சொன்னேன்?"

"பிரிச்சா தெரிஞ்சுபோயிரும்."

"அம்புட்டுத்தான். எந்த எடத்துல கையெழுத்துப் போடணும்?"

அவள் வழக்கம்போலப் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போட்டுக் காட்டினாள். அந்த டிக்குக்கு மேலே 'வே. அறிவுச்செல்வன்' என்று அழகாகப் போட்டார். அவருடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பள்ளிக்கூடத்து எழுத்தர் யாரோ 'அறிவுச்செல்வம்' என்று எழுதிவைத்துவிட்டதால் பணிப்பதிவேட்டிலும் சம்பளப் பட்டியலிலும் அவர் செல்வம்தான். மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லியே முப்பத்தாறு வருஷம் ஓடிப்போயிற்று. ஆனால் கையெழுத்தில் அவர் செல்வன். அப்பா வைத்த பெயரை விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஜன்னத் பீவி நூற்றில் இரண்டு பேரில் ஒருவராக இருந்தார். பதினைந்தாம் நாள் மேல்முறையீடு போட்டார். விசாரணைக்கு ஏப்ரலில் தேதி வந்தது. மேல்முறையீட்டு அலுவலரான உதவி இயக்குநர் ராஜலட்சுமி புதுக்கோட்டையில் வைத்து விசாரிப்பாராம். பொதுத் தகவல் அலுவலர் சம்பந்தப்பட்ட கோப்புடன் ஆஜராக வேண்டும்.

அறிவுச்செல்வன் பயப்படவில்லை. மனுதாரர் வார்டு நம்பரைத் தப்பாகப் போட்டார். சரியான நம்பரைப் போட்டு அவர் புதிதாக மனுக் கொடுக்கட்டும். நாம் அதற்கு ஒரு முப்பது நாள் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் ஜூன் வந்துவிடும். நெடும்பனைக்குடியில் புதுக்கோட்டை பஸ் ஏறியபோது கோப்பு மஞ்சள் பையில் அவர் மடியில் இருந்தது. நாடா கட்டினது கட்டினபடியே. ஒரு மணி நேரப் பயணத்தில் பொழுது போகாதவர்கள் என்னென்னவோ படிப்பார்கள். மடியில் இருப்பதை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

விசாரணை அறையில் ஜன்னத் பீவி முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் மட்டும். உதவி இயக்குநர் ராஜலட்சுமி கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பதிலை இரண்டு தடவை படித்தார்.

"ஏழாவது வார்டுல வேலையே நடக்கலைன்னு எழுதியிருக்கீங்க. யோசிச்சுத்தான் எழுதுனீங்களா?"

"யோசிச்சுத்தான் எழுதுனேன் மேடம். அந்தத் தெரு இப்ப ஒம்பதாவது வார்டு. மனுதாரர் நம்பர மாத்திப் போட்டுட்டாங்க. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் போயிருக்கு."

"நீங்க ஏம்மா ஏழுன்னு போட்டீங்க?"

ஜன்னத் பீவி கவரிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். தெருமுனைப் பலகை. கண்ணீர் அஞ்சலி ஒட்டுவதற்கு முன்னால் எடுத்தது. மஞ்சள் பெயின்ட்டில் கொட்டை எழுத்து: 'வார்டு எண் 7, புளியமரத் தெரு, சாலைப் பழுதுபார்ப்புப் பணி, மதிப்பீடு ரூ. 4.85 லட்சம்.'

"அவுங்க எழுதுனதப் பாத்துத்தாங்க நான் எழுதுனேன்."

அறிவுச்செல்வன் சிரித்தார். "பலகை எழுதுறவன் பழைய நம்பரப் போட்டுட்டான் மேடம்."

"இருக்கலாம். கோப்பக் குடுங்க."

நாடாவை ராஜலட்சுமிதான் அவிழ்த்தார். மதிப்பீட்டில் வார்டு எண் ஏழு. எட்டு வருஷத்துக்கு முந்திய மதிப்பீட்டை எடுத்துத் தொகையை மட்டும் மாற்றித் தட்டியிருக்கிறார்கள். நம்பரை மாற்ற எவருக்கும் தோன்றவில்லை. அதைப் பார்த்துப் போட்ட பணி ஆணையில் ஏழு. அளவுப் புத்தகத்தில் ஏழு. கடைசியில் பணம் கொடுத்த பட்டியலின் குறிப்பு. அதை எடுத்து அவருடைய பதிலுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார் ராஜலட்சுமி.

"வாசிங்க."

அறிவுச்செல்வன் வாசித்தார். '7-வது வார்டு புளியமரத் தெரு சாலைப் பணி முடிவுற்றது. சரிபார்க்கப்பட்டது. தொகை வழங்கலாம்.' அதன் கீழே அழியாத பென்சில் டிக் ஒன்று. அதற்கு மேலே, வே. அறிவுச்செல்வன்.

"ஏழாவது வார்டுல வேலை முடிஞ்சுது, நான் சரிபாத்தேன்னு ஒரு அறிவுச்செல்வன் கையெழுத்துப் போட்டிருக்காரு. ஏழாவது வார்டுல வேலையே நடக்கலைன்னு இன்னொரு அறிவுச்செல்வன் போட்டிருக்காரு. இதுல நான் யார நம்பணும்?"

நம்பர் தப்பு என்று சொன்னால் சரிபார்த்தது பொய். நம்பர் சரி என்று சொன்னால் பதில் பொய். இரண்டும் ஒரே பேனா, ஒரே மசி. அறிவுச்செல்வனுக்கு வாழ்நாளில் முதல் தடவையாக எழுதிக்கொடுக்க ஒரு வாக்கியம் வரவில்லை.

ராஜலட்சுமி ஜன்னத் பீவியிடம் திரும்பினார். "மனுதாரர் காரணம் சொல்ல வேண்டியதில்ல. ஆனா எந்தப் பக்கம் உங்களுக்கு முக்கியம்னு சொன்னீங்கன்னா இப்பவே எடுத்துக் குடுத்துருவேன்."

"ரோட்டோட கனம் எவ்வளவுன்னு போட்ட பக்கம் போதுங்க மேடம். எங்க வீட்டு வாசல்ல மூணு படி இருந்துச்சு. ரோட்டு மேல ரோடு போட்டதுல மூணும் உள்ள போயிருச்சு. மழ பெஞ்சா தண்ணி நேரா வீட்டுக்குள்ள வருது, தச்ச துணியெல்லாம் நனைஞ்சு போகுது. பழைய ரோட்டச் சொரண்டிட்டுப் போடுங்கன்னு மூணு மனு குடுத்தேன். மூணுக்கும் 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் வந்துச்சு. சரி, ஒரு தடவைக்கு எவ்வளவு ஒசரம் ஏத்துறாங்கன்னு தெரிஞ்சா, அடுத்த தடவ போடுறதுக்கும் சேத்து வாசப்படிய ஒசத்திக் கட்டிக்கிறலாம்னு பாத்தேன். அளவுதாங்க வேணும். வேற யாரு மேலயும் எனக்குக் கோவம் இல்ல."

இவ்வளவுதான் விஷயம். ஓவர்சியரைக் கேட்டு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். அந்த மூன்று 'பரிசீலனையில் உள்ளது'க்கும் கீழே யார் கையெழுத்து என்று அறிவுச்செல்வன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ராஜலட்சுமி அளவுப் புத்தகத்தைப் பிரித்து விரலால் வரி வரியாகத் தேடினார். விரல் ஓரிடத்தில் நின்றது. 'பழைய தளத்தைச் சுரண்டி அகற்றுதல்: நீளம் 84 மீட்டர், அகலம் 3 மீட்டர்.' அளந்து, கணக்குப் போட்டு, காசும் கொடுத்தாயிற்று.

"சொரண்டுனாங்களாம்மா?"

"இல்லீங்களே. அப்படியே மேல ஊத்துனாங்க. நான் வாசல்லயேதான இருந்தேன்."

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. முப்பது நாள் தாண்டிவிட்டதால் நகல்கள் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பொறியாளர்கள் வந்து தெருவைத் தோண்டிப் பார்த்தார்கள். மேலிடத்திலிருந்து மே மாதம் மூன்று பேருக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. அதில் ஒருவர் கை சுத்தமானவர். ராக்கன் சொந்தச் செலவில் ரோட்டைச் சுரண்டிப் போட்டார். சுரண்டும்போது ஜன்னத் பீவியின் மூன்று படிகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பணத்தைத் தின்றது யார் என்பது பற்றிய விசாரணை நடந்துகொண்டிருந்தது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டது யார் என்பதற்கு விசாரணையே தேவைப்படவில்லை.

ஜூன் முப்பதாம் தேதி மாலையும் போட்டார்கள், பொன்னாடையும் போர்த்தினார்கள். பணிக்கொடை மட்டும் நின்றுபோயிற்று. தற்காலிக ஓய்வூதியம் என்று கொஞ்சம் வந்தது. ஆடி முடிந்து ஆவணியில் மழை பிடித்துக்கொண்டபோது ராசாத்தி ஒன்றும் பேசாமல் பாத்திரங்களை எடுத்துத் தகரத்துக்குக் கீழே வைத்தாள். அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட அறிவுச்செல்வனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்க அவர் மூன்று தடவை அலுவலகத்துக்குப் போனார். மூன்று தடவையும் பரிசீலனையில் இருந்தது. பொறுப்புத் தலைமை எழுத்தராக அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிவரஞ்சனி எழுந்து நின்று, "டீ சாப்பிடுறீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள். கடைசியில் வேறு வழியில்லாமல் பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கினார். நாலே வரியில் எழுதினார்: 'வே. அறிவுச்செல்வன் ஆகிய எனது பணிக்கொடை தொடர்பான கோப்பின் இப்போதைய நிலை என்ன, எந்தத் தேதியிலிருந்து யாரிடம் உள்ளது என்ற விவரத்தின் நகல் வேண்டும்.'

பதிவுத் தபால் வந்தது. உறையைப் பிரிப்பதற்கு முன்பே தேதியைப் பார்த்தார். இருபத்தொன்பதாம் நாள். உள்ளே ஒரே பத்தி இருந்தது.

'மனுவில் கண்ட வே. அறிவுச்செல்வன் என்ற பெயரில் பணிக்கொடைக் கோப்பு ஏதும் இவ்வலுவலகத்தில் இல்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.'

பொய் ஒரு சொட்டு இல்லை. கோப்பு அறிவுச்செல்வம் பெயரில் இருக்கிறது. பிள்ளை நன்றாக எழுதியிருக்கிறது என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. இரண்டாவது தடவை படித்தபோதுதான் உறைத்தது. அவள் கோப்பைப் பிரித்திருக்கவே மாட்டாள். அவரே சொல்லிக்கொடுத்ததுதான்.

காகிதத்தின் அடியில், முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று போட்டு, உதவி இயக்குநரின் விலாசமும் போட்டிருந்தது. ஆயிரம் காகிதங்களில் அந்த வரியை அவர் தட்டச் சொல்லியிருக்கிறார். அதற்கு அப்புறம் ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று யோசித்ததே இல்லை.

மறுநாள் காலை குடையைப் பிடித்துக்கொண்டு நெடும்பனைக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அலுவலகத்தைத் தாண்டிப் புளியமரத் தெருவுக்கு நடந்தார். மழைத்தண்ணீர் வாசலில் ஏறாமல் தெரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டின் மூன்று படிகளையும் ஒவ்வொன்றாக ஏறினார்.

ஜன்னத் பீவி மெஷினை நிறுத்தினார். "வாங்க சார். நனைஞ்சுட்டீங்களே."

"ஒண்ணுமில்லம்மா." அவர் குடையை மடக்கிக்கொண்டே நின்றார். உறை சட்டைப்பையில் பாதி நனைந்திருந்தது. "அந்த மேல்முறையீடு... அத எப்படிம்மா எழுதுனீங்க?"

"எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டார் ஜன்னத் பீவி. உடனே அவருடைய முகத்தைப் பார்த்து, பக்கத்தில் கிடந்த துணிகளை ஒதுக்கி, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இல்ல, வேணாம். உக்காருங்க. காரணம் சொல்ல வேண்டியதில்ல."